கொச்சிக் கடைக்காரரிடம் பாக்கியைக் கேட்பது எப்படி?

கேள்வி: வடசேரியில் நடன நகை செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. கொச்சியில் நடன உடை வாடகைக்கு விடும் ஒரு கடைக்கு ஆகஸ்ட் 12-ஆம் தேதி பில் போட்டு 86,520 ரூபாய்க்குச் சரக்கு அனுப்பினோம். 14-ஆம் தேதி கிடைத்துவிட்டது. ஒரு மாதத்தில் தருவதாக போனில் பேச்சு. ஓணச் சமயத்தில் 40,000 போட்டார். இரண்டு ஒட்டியாணத்தில் கல் விழுந்துவிட்டதாக ஒரு படம் அனுப்பினார், அப்புறம் அதைப் பற்றிப் பேச்சில்லை. இப்போது அக்டோபர் 10. எனக்கு மலையாளம் பேச வரும், எழுதத் தெரியாது. அவருடைய கணக்கர் ஆங்கிலத்தில்தான் மெயில் போடுவார். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், நல்ல வாடிக்கையாளர். மனம் கோணாமல் எப்படிக் கேட்பது?

பதில்:

பணம் கேட்பதற்கு முன்னால் அந்தப் படத்துக்குப் பதில் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான். வடசேரி, மார்த்தாண்டம் பக்கத்துப் பட்டறைகள் சிலவற்றுக்குக் கேரளக் கடைகளோடு உள்ள கணக்கை நான் பார்த்துக்கொடுக்கிறேன். பாதிப் பணம் வந்து மீதி நின்றுபோனால், பெரும்பாலும் நடுவில் பதில் சொல்லாத ஒரு சங்கதி இருக்கும். கல் விழுந்தது, ஒரு செட் குறைந்தது, பேசிய விலை வேறு பில்லில் உள்ள விலை வேறு, இப்படி ஏதோ ஒன்று. கடைக்காரர் அதை வைத்துச் சண்டை போட மாட்டார். பில்லை ஒரு ஓரமாக வைத்துவிடுவார். அவருடைய கணக்கரும், முதலாளி சரி சொல்லாத பில்லை எடுக்க மாட்டார். நீங்கள் இங்கே இருந்துகொண்டு மனுஷன் ஏமாற்றுகிறாரோ என்று நினைப்பீர்கள். அவர் அங்கே, படம் அனுப்பி இத்தனை நாளாயிற்று, ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டிருப்பார். இந்த நிலையில் எவ்வளவு பணிவான வார்த்தையில் பணம் கேட்டாலும் அவருக்கு அது உறுத்தும்.

அதனால் முதலில் கணக்கை நேராக்குங்கள். உங்கள் பில்லில் சரக்கு 84,000, அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி 2,520, ஆக 86,520. வந்தது 40,000. நிற்பது 46,520. ஒட்டியாணம் ஒன்று 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கு 3,600, வரி 108, மொத்தம் 3,708. அவர் அந்த இரண்டையும் திருப்பி அனுப்பினால் நீங்கள் 3,708-க்குக் கிரெடிட் நோட் போட வேண்டும். அப்போது உண்மையான பாக்கி 42,812. திருப்பி அனுப்பாமல் கல்லை மட்டும் பதித்துக் கொடுத்தால் போதும் என்று அவர் சொன்னால் கிரெடிட் நோட் வேண்டாம், பாக்கி 46,520-ஆகவே இருக்கும். இரண்டில் எது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அதைக் கேட்பதற்காகத்தான் உங்கள் முதல் போன். எந்தத் தொகை என்று உங்களுக்கே உறுதியில்லாமல் கேட்டால், மறுமுனையில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வாரம் ஓட்டலாம், அதில் அவரைத் தப்பு சொல்லவும் முடியாது.

கூரியர் செலவு உங்களுடையது என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். பாக்கியோடு பார்த்தால் அது சின்னத் தொகை.

இனி மொழி. உங்கள் விஷயத்தில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள், இரண்டு மொழி இருக்கிறது. முதலாளியிடம் வாயால், மலையாளத்தில். கணக்கரிடம் எழுத்தில், ஆங்கிலத்தில். இந்த இரண்டையும் கலக்கக் கூடாது என்பது என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம். முதலாளிக்கு ஆங்கிலத்தில் பில் எண்ணும் தேதியும் போட்டு மெசேஜ் அனுப்பினால், இத்தனை நாள் சேட்டா என்று கூப்பிட்ட பிள்ளை திடீரென்று நோட்டீஸ் விடுகிறதே என்று தோன்றும். கணக்கரிடம் போன் போட்டு உறவு பாராட்டிப் பேசினால், அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு வேண்டியது தாளில் காட்டக்கூடிய ஒரு வரி.

முதலாளியிடம் பேசும்போது நம் ஊர்க்காரர்கள் தெரியாமலே கடுமையாகிவிடும் ஓர் இடம் உண்டு. தமிழில் ‘நீங்க’ என்றாலே மரியாதை வந்துவிடுகிறது. அதே நினைப்பில் மலையாளத்தில் ‘நிங்ஙள்’ என்போம். அங்கே வயதில் மூத்தவரை முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னால் பலருக்கு அது மரியாதையாகப் படுவதில்லை, பட்டென்று விரல் நீட்டியது போல இருக்கும். பெயரோடு சேர்த்தோ தனியாகவோ சேட்டன் என்று சொல்வார்கள், இல்லையென்றால் சார் என்பார்கள். ‘நிங்ஙள் பைசா தந்நில்லல்லோ’ என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்வது அவர் காதில் குற்றச்சாட்டாக விழும். ஆளையே வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டு, பாக்கியைப் பற்றி மட்டும் பேசுங்கள். ‘சேட்டா, பாக்கி காசின்றெ காரியம் ஒந்நு நோக்கணே.’ இதில் அந்த ‘ஒந்நு’வும் கடைசியில் வரும் ‘ணே’யும்தான் குழைவைக் கொண்டுவருகின்றன, நம்முடைய ‘கொஞ்சம் பாருங்களேன்’ மாதிரி. அவர் பதிலுக்கு ‘பில்லின்றெ காப்பி அயக்கணம்’ என்று சொன்னால், அதிகாரம் பண்ணுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். நம் காதில் ‘அனுப்பணும்’ போலக் கேட்டாலும், அங்கே அது மரியாதையான வேண்டுகோளாகவும் வரும்.

போனில் பேச்சு போகிற வழி இப்படி இருக்கட்டும். முதலில் சுகம் விசாரிப்பு, ‘சுகமல்லே சேட்டா?’ அப்புறம் உடனே கல்லுக்கு வந்துவிடுங்கள். படம் பார்த்தோம், பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, அந்த இரண்டு ஒட்டியாணத்தையும் அனுப்பினால் நான்கு நாளில் கல் பதித்துத் திருப்பிவிடுகிறோம், வேண்டாமென்றால் பில்லில் கழித்துக்கொள்ளலாம், எது சௌகரியம் என்று கேளுங்கள். நான்கு நாள் முடியாதென்றால் முடிகிற நாளைச் சொல்லுங்கள், அதில் தவறக் கூடாது. ‘வேறெ எந்தெங்கிலும் குறவுண்டெங்கில் பறயணே’ என்று ஒரு வரி சேருங்கள். இந்தக் கேள்வி மிகவும் பயன்படும். குறை இருந்தால் இப்போதே வெளியே வந்துவிடும். இல்லை என்று அவர் வாயால் சொல்லிவிட்டால், பணம் நிற்க வேறு காரணம் சரக்கில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பாக்கியைப் பற்றிப் பேச வழி திறந்திருக்கும்: ‘அப்போ பாக்கி என்னத்தேக்கு ப்ரதீக்ஷிக்காம்?’, எந்த நாளில் எதிர்பார்க்கலாம் என்று.

அவர் ‘நோக்காம்’ என்பார், அல்லது ‘ஶரியாக்காம்’ என்பார். அதோடு நன்றி சொல்லி வைத்துவிடுவது நம்மில் பலர் செய்வது. பார்க்கலாம் என்பது தமிழிலும் தேதி இல்லை, மலையாளத்திலும் தேதி இல்லை. அங்கே நீங்களே ஒரு தேதியைக் கொடுங்கள், ஆனால் தேர்வு அவருடையதாக இருக்கட்டும். இந்த வாரமா, இருபதாம் தேதி வாக்கிலா, எது சேட்டனுக்குச் சௌகரியம் என்று. மொத்தமாக முடியாதென்றால் பாதி இப்போதும் பாதி அடுத்த மாதமும் என்று நீங்களே சொல்லலாம். மூத்தவரிடம் ‘எப்ப தருவீங்க’ என்று திறந்த கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாத சங்கடத்தை அவருக்குக் கொடுக்கிறோம். இரண்டு தேதி சொன்னால் ஒன்றை எடுத்துக்கொள்வது அவருக்கு எளிது.

நேரத்தையும் பாருங்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் பணப் பேச்சு வேண்டாம், அங்கேயும் அதைப் பார்க்கிறவர்கள் உண்டு. காலையில் கடை திறந்து கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடுங்கள். அவர் தொழிலின் பணம் எப்போது புரளும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடன உடையும் நகையும் வாடகைக்கு விடுகிறவருக்குக் கேரளப் பள்ளிகளின் கலைவிழாவான கலோற்சவக் காலம்தான் அறுவடை. பள்ளி அளவிலும் மாவட்ட அளவிலும் போட்டிகள் நடந்து, மாநிலக் கலோற்சவம் வழக்கமாக ஜனவரி வாக்கில் வரும். அக்டோபரில் அவர் கையிலிருந்து பணம் வெளியே போய்க்கொண்டிருக்கும், உள்ளே வர ஆரம்பித்திருக்காது. ஆகவே அவர் மொத்தத்தையும் உடனே தர முடியாமல் இருப்பது நடக்கக்கூடியதே. இதை நீங்கள் தெரிந்துகொண்டு இரண்டு தவணையாகப் பேசினால் அவருக்கும் நிம்மதி. ஆனால் ஜனவரி வரை பொறுக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சீசன் முடிந்த பிறகு போன வருடத்து நகை பழைய சரக்காகிவிடும், அதற்குப் பணம் தர யாருக்கும் மனம் வராது. சீசனுக்கு முன் அவருக்கு உங்களிடம் இன்னும் ஒரு வேலை இருக்கிறது, நெத்திச்சுட்டி, ராக்கொடி, ஜிமிக்கி என்று குறைந்ததை நிரப்பிக்கொள்ள வேண்டும். கேட்க நல்ல காலம் இதுதான்.

போன் வைத்த அன்றே எழுத்து போக வேண்டும். மலையாளம் எழுதத் தெரியாதது ஒரு குறையே இல்லை. மலையாளிகளே வாட்ஸாப்பில் பாதி நேரம் ஆங்கில எழுத்தில்தான் மலையாளம் தட்டுகிறார்கள், நீங்களும் அப்படியே இரண்டு வரி போடலாம். முதலாளிக்குப் போகும் வரியில் பில் எண் வேண்டாம், பேசியது மட்டும் போதும்: ஒட்டியாணம் இரண்டும் அனுப்பி வையுங்கள், பேசியபடி இருபதாம் தேதி பாதி, நவம்பர் பத்தில் மீதி, ரொம்ப நன்றி சேட்டா. அவர் அதற்கு ஒரு ‘ஓகே’ போட்டாலும் போதும், பேசியது பதிவாகிவிட்டது. குரல் செய்தியில் தொகையைச் சொல்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கடையில் நாலு பேர் நிற்கும்போது அவர் அதை ஸ்பீக்கரில் போட்டால் அவமானம் அவருக்கு. அதே காரணத்துக்காகக் கடைப் பையனிடம் ‘முதலாளியிடம் பாக்கியைச் சொல்லு’ என்று சொல்லி அனுப்புவதும், நடன நகை வியாபாரிகள் குழுவில் ஜாடையாக எழுதுவதும் கூடாது.

கணக்கருக்கு மெயில். பழைய மெயிலுக்குப் பதிலாகவே போடுங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம், அப்போது பில்லும் அவர் கண்முன்னே இருக்கும். தலைப்பில் பில் எண்ணும் தேதியும் தொகையும். உள்ளே ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். பில் தொகை 86,520, பெற்றது 40,000, திரும்பி வரும் சரக்குக்குக் கிரெடிட் நோட் 3,708 (கல் பதித்துக் கொடுப்பதென்றால் இந்த வரி வராது), நிற்பது 42,812, முதலாளியோடு இன்று பேசியபடி எந்தெந்தத் தேதியில் எவ்வளவு, வங்கிக் கணக்கு விவரம் கீழே, பில்லும் கிரெடிட் நோட்டும் இணைப்பில். வாக்கியங்களில் ‘யூ’ என்று கணக்கரைக் குறிக்கும் சொல் வராமல் எழுதிப் பாருங்கள். நீங்கள் தரவில்லை என்பதற்குப் பதிலாக, இந்தப் பில்லில் இவ்வளவு நிற்கிறது என்று எழுதுவது. ‘கைண்ட்லி’யை ஒருமுறை போட்டால் போதும். மூன்று நான்கு முறை போட்டால் மெயில் கெஞ்சுவது போலவும் இருக்கும், சலித்துக்கொள்வது போலவும் இருக்கும். ‘ஃபைனல் ரிமைண்டர்’, ‘இம்மீடியட்லி’ போன்ற சொற்கள் முதல் மெயிலில் வரவே கூடாது. வெளியூர்க் கம்பெனிகள் அனுப்பும் நோட்டீஸைப் பார்த்து நாமும் அதையே எழுதிவிடுகிறோம், அவற்றுக்கு வக்கீல் வாடை உண்டு.

சொன்ன தேதி தவறினால் மறுநாளே கூப்பிடாதீர்கள், இரண்டு நாள் விடுங்கள். மூன்றாம் நாள் கணக்கருக்கு மட்டும் ஒரு வரி: இருபதாம் தேதித் தொகை இன்னும் கணக்கில் ஏறவில்லை, வங்கியில் ஏதாவது தடங்கலா என்று பார்த்துச் சொல்ல முடியுமா. இந்தக் கேள்வி யாருடைய முகத்தையும் கெடுக்காது, உண்மையிலேயே சில நேரம் வங்கியில்தான் நின்றிருக்கும். அதற்கும் ஒரு வாரம் பதில் இல்லையென்றால் முதலாளிக்கு மறுபடி போன். இந்த இரண்டாவது போனில் சுகம் விசாரிப்புக்குப் பிறகு வேறு பேச்சு வேண்டாம், காரணமும் கேட்க வேண்டாம். தீபாவளிக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது, இந்த வெள்ளிக்குள் எவ்வளவு முடியும் சேட்டா என்று கேளுங்கள். அது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். பொய்க் காரணம் இரண்டாவது முறை எடுபடாது.

புது ஆர்டர் கேட்டால் என்ன செய்வது? மறுக்காதீர்கள், ஆனால் பழைய பாக்கி முடிந்து, புதிதில் பாதி முன்பணம் வந்ததும் வேலை தொடங்குகிறோம், வெள்ளியும் கல்லும் முன்பணத்தில்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்று சொல்லுங்கள். மரியாதையில்லாத பேச்சு இல்லை இது. சொல்வதைச் சிரித்த குரலில், தயங்காமல் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் இங்கேதான் வழிந்துவிடுகிறார்கள், பழைய பாக்கியை வைத்துக்கொண்டே புதுச் சரக்கை அனுப்பி, 46,000-த்தை ஒரு லட்சமாக்கிக்கொள்வார்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், எடுத்தவுடன் காட்டுவதற்கு அல்ல. நீங்கள் சொந்தமாகச் செய்து விற்கிறவர், சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்தால் 2006-ஆம் ஆண்டின் குறு சிறு நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். அதன்படி எழுத்தில் கெடு பேசியிருந்தால் அந்தக் கெடுவுக்குள், எப்படியும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள்தான். உங்கள் ஒரு மாதப் பேச்சு போனில் நடந்தது, ஆகவே அது எழுத்து ஆகாது. சரக்கு கிடைத்த 14-ஆம் தேதியிலிருந்து எண்ணினால், அதிகபட்சமான 45 நாளைப் பிடித்தாலும் செப்டம்பர் 28-இல் முடிந்துவிட்டது. தாமதித்த நாளுக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதம் மாதம் கூட்டு வட்டியாக. இந்தத் தகராறுகளை விசாரிக்கும் அரசுக் கவுன்சிலுக்குப் போக வேண்டி வந்தால் இணையத்திலேயே மனு போடலாம், வாங்கியவர் கேரளத்தில் இருந்தாலும் சப்ளை செய்தவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலே விசாரிக்கும், கொச்சிக்கு அலைய வேண்டியதில்லை. வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, உங்கள் பதிவில் உற்பத்தி என்று இருக்கிறதா என்று பாருங்கள். சரக்கு அனுப்பும் முன்பே பதிவு செய்திருப்பதுதான் பாதுகாப்பு.

இதை முதலாளியிடம் வாய்திறந்து சொல்ல வேண்டிய நிலை வருவதற்கு முன் மென்மையான வழி ஒன்று இருக்கிறது. உங்கள் உத்யம் எண்ணையும் ‘குறுந்தொழில், உற்பத்தி’ என்பதையும் எல்லா பில்லிலும் அச்சடித்துவிடுங்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியில் ஒரு விதி உண்டு. குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை அந்தக் கெடுவுக்குள் தராமல், மார்ச் 31-க்குள்ளும் தராமல் விட்டால், வாங்கியவர் அதை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது, தந்த ஆண்டில்தான் கழிக்கலாம். கொச்சிக் கணக்கருக்கு இது தெரிந்திருக்கும். பில்லில் அந்த எண்ணைப் பார்த்தால் உங்கள் பெயரை அவர் மேலே எடுத்துவைப்பார், நீங்கள் ஒன்றும் சொல்லாமலே. நவம்பர் தவணையும் தவறி, போனும் எடுக்காமல் போனால் மட்டும் கணக்கருக்கு எழுதும் மெயிலில், எங்கள் ஆடிட்டர் இந்தப் பில்லைத் தாமதக் கணக்கில் காட்டச் சொல்கிறார் என்று ஒரு வரி சேருங்கள். அப்படி எழுதுவதற்கு முன் ஆடிட்டரிடம் உண்மையிலேயே பேசிவிடுங்கள், வட்டித் தொகையையும் அவரே போட்டுத் தரட்டும்.

அடுத்த பில்லுக்கு ஒன்று. சரக்கு அனுப்பும் அன்றே, 30 நாள் கெடு என்றும், கல் விழுதல் போன்ற குறை இருந்தால் சரக்கு கிடைத்த ஏழு நாளுக்குள் படத்தோடு சொல்லவும் என்றும் எழுதி, அதற்கு அவருடைய ‘ஓகே’யை வாட்ஸாப்பில் வாங்கிவிடுங்கள். கெடுவுக்கு ஐந்து நாள் முன்பு கணக்கருக்கு ஒரு மெயில், பில் வந்து சேர்ந்ததா, தொகை சரியா என்று மட்டும். தேதி தாண்டாத நிலையில் கேட்கிற இந்தக் கேள்வியில் யாருக்கும் சங்கடம் இல்லை, தேதி வரும்போது பில் அவருடைய மேசையில் மேலேயே இருக்கும்.